கார்பன், ஆல்கலைன், ரீசார்ஜ்: கடலோர வீட்டில் எந்தக் கட்டையை எதில் போடுவது?

தொண்டி முதல் மூக்கையூர் வரை, இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் எந்த மளிகைக் கடையில் "பென்சில் கட்டை இரண்டு" என்று கேட்டாலும் கடைக்காரர் பெரும்பாலும் கார்பன் செல்லைத்தான் எடுத்துக் கொடுப்பார். விலை குறைவு, அதனால் அதுதான் அதிகம் விற்கும். அதை ரிமோட்டில் போட்டால் ஒரு வருடம் குறைசொல்ல முடியாமல் ஓடும். டார்ச்சில் போட்டால் நாலாம் நாளே மங்கும். "அண்ணே, முந்தாநாள் வாங்கிய கட்டை, இன்றைக்கே வெளிச்சம் இல்லை" என்று திரும்பி வருகிறவர் செல் போலி என்றுதான் நினைக்கிறார். செல்லில் பழுது ஒன்றும் இல்லை. அதனால் செய்ய முடியாத வேலையை அதற்குக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிப்பட்டினம் போன்ற ஊர்களுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உப்புக் காற்று செல்லைவிட செல் உட்காரும் ஸ்பிரிங்கையும் தகட்டையும் வேகமாகத் தின்கிறது. அதனால் கடலைவிட்டுத் தள்ளியுள்ள ஊர்களில் மூன்று வருடம் தொடாமல் விட்டுவைக்கலாம் என்கிற பொருளை இங்கே ஒரு வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. செல் வாங்கும்போதும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

முதலில் கையில் இருப்பது எது என்று அறிதல்

பென்சில் கட்டை என்று நாம் சொல்வது ஏஏ அளவு: ஏறக்குறைய 14.5 மில்லிமீட்டர் தடிமன், 50.5 மில்லிமீட்டர் நீளம். அதைவிட ஒல்லியானது மூன்று ஏ. இப்போது வரும் டிவி ரிமோட்டுகளில் பெரும்பாலும் ஒல்லிக் கட்டைதான் இருக்கிறது. இங்கே சொல்லும் குணங்கள் இரண்டு அளவுக்கும் பொருந்தும், கொள்ளளவு மட்டும் ஒல்லியில் பாதிக்கும் குறைவாக இருக்கும்.

உறையில் சிறிய எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். ஆங்கில எழுத்து ஆர், பக்கத்தில் 6 என்று மட்டும் இருந்தால் அது கார்பன் செல். முன்னால் எல் சேர்ந்து எல்ஆர்6 என்று இருந்தால் ஆல்கலைன். எச்ஆர்6 என்று இருந்தால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, அதாவது ரீசார்ஜ் செல். உறையில் பெரிதாக 'ஹெவி டியூட்டி' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது கார்பன் செல்லிலேயே சற்று மேம்பட்ட வகை, உள்ளே துத்தநாகக் குளோரைடு இருக்கும். அந்தப் பெயர் வந்த காலத்தில் ஆல்கலைன் பரவலாக இல்லை. இன்றைய கடை அலமாரியில் பலம் குறைந்த செல்லுக்குத்தான் அந்தப் பெயர் இருக்கிறது.

எழுத்து அழிந்துபோன செல்லானால் எடை போட்டுப் பாருங்கள். கார்பன் செல் 15 முதல் 19 கிராம் வரை இருக்கும். ஆல்கலைன் 23 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கும். நல்ல ரீசார்ஜ் செல் 26 கிராமுக்கு மேல் போகும். இந்த எடைக் கணக்கு போலியைக் கண்டுபிடிக்கவும் உதவும். திருவிழாக் கடைகளில் கொள்ளளவு 3000, 4000 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட ரீசார்ஜ் செல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. இந்த அளவில் உண்மையான நிக்கல் செல் ஏறக்குறைய 2700ஐத் தாண்டுவதில்லை. நான்காயிரம் என்று போட்ட செல் தராசில் 16 கிராம் காட்டினால் உள்ளே இருக்க வேண்டிய பொருளில் பாதிதான் இருக்கிறது என்று பொருள்.

மூன்றும் எங்கே வேறுபடுகின்றன

கார்பன் செல்லின் வெளிக்கூடே துத்தநாகத்தால் ஆனது. அந்தக் கூடு கரைந்துதான் மின்சாரம் வருகிறது. நடுவில் ஒரு கரிக்குச்சி, சுற்றிலும் மாங்கனீசு டை ஆக்சைடு கலந்த கருப்புப் பொடி. பழைய கட்டையை உடைத்து அந்தக் கரிக்குச்சியால் சுவரில் கோடு போடாத பிள்ளைகள் ஒரு காலத்தில் குறைவு. கூடு கரையக் கரைய மெலிந்து, கடைசியில் ஓட்டை விழுந்து ஒழுகும். ஆகவே கார்பன் செல் ஒழுகுவதை விபத்து என்று சொல்ல முடியாது. தீர்ந்த பிறகும் அதை உள்ளேயே விட்டால் பெரும்பாலும் நடக்கப்போவது அதுதான்.

ஆல்கலைனில் துத்தநாகம் தூளாக நடுவில் இருக்கிறது, வெளிக்கூடு எஃகு. உள்ளே இருக்கும் திரவம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். துத்தநாகம் தூளாக இருப்பதால் பரப்பு அதிகம், வேண்டும்போது மின்சாரத்தை வேகமாகக் கொடுக்க முடிகிறது. குறைந்த தேவைக்கு 2500 மில்லி ஆம்பியர் மணி வரை கிடைக்கும். இதுவும் ஒழுகும், ஆனால் காரணம் வேறு. உள்ளே மெல்ல ஹைட்ரஜன் வாயு சேர்ந்து அழுத்தம் கூடி, அடிப்பக்க மூடி வழியாகக் காரம் கசிகிறது.

ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தான். மற்ற இரண்டும் புதிதாக 1.5க்குச் சற்று மேல் காட்டும். ஆனால் அவை இரண்டும் செலவாகச் செலவாக இறங்கிக்கொண்டே போகும். ரீசார்ஜ் செல் 1.2க்குப் பக்கத்திலேயே நின்று, தீரும் நேரத்தில் சட்டென விழும். எவ்வளவு இழுத்தாலும் சளைக்காமல் கொடுப்பதும் இதுதான்.

உறையில் அச்சிட்ட கொள்ளளவு ஏன் நம்மை ஏமாற்றுகிறது என்பதற்கு, குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கார்பன் செல் குறுகிய கழுத்துக் குடம். சொட்டுச் சொட்டாக ஊற்றினால் உள்ளே இருப்பது முழுதும் வரும். அண்டாவை நிரப்ப அவசரமாகக் கவிழ்த்தால் கழுத்தில் அடைத்துக்கொள்ளும், பாதி உள்ளேயே நிற்கும். கழுத்து என்று இங்கே சொல்வது செல்லின் உள் எதிர்ப்பு. ரிமோட்டும் கடிகாரமும் சொட்டு கேட்பவை. டார்ச் அண்டா கேட்பது.

சுவர்க் கடிகாரம்

ஒரு செல்லில் ஓடும் சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் சராசரியாக 0.1 மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கிறது. ஒரு நாளைக்கு 2.4 மில்லி ஆம்பியர் மணி, வருடத்துக்கு ஏறக்குறைய 880. இவ்வளவு மெதுவாக இழுக்கும்போது நல்ல கார்பன் செல்லும் கிட்டத்தட்ட அந்த அளவைக் கொடுத்துவிடும். அதாவது 15 ரூபாய் செல் ஒரு வருடம் ஓடுகிறது. 40 ரூபாய் ஆல்கலைன் இரண்டரை, மூன்று வருடம் ஓடும். வருடக் கணக்கில் பார்த்தால் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் கடலோரத்தில் மூன்று வருடம் திறக்காத கடிகாரம் என்றாலே எனக்கு நம்பிக்கை கிடையாது. ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கும், செல் நன்றாக இருந்தும் கடிகாரம் நிற்கும். எப்படியும் வருடம் ஒருமுறை கழற்றித் துடைக்கத்தான் வேண்டும் என்கிறபோது, அதே கையோடு மலிவான கார்பன் செல்லைத் தூக்கிப்போட்டுப் புதியது போடுவதே சரி. தீர்வதற்கு முன்பே மாற்றிவிடுவதால் ஒழுகும் கட்டத்துக்கு அது போகாது. விநாடி முள் ஓடையாக நழுவும் கடிகாரமானால் அது கூடுதலாக இழுக்கும், அதற்கு ஆல்கலைன் போடுங்கள்.

ரீசார்ஜ் செல் இங்கே வேண்டாம். கடிகார இயந்திரம் 1.5 வோல்ட்டை எதிர்பார்த்துச் செய்தது. 1.2 வோல்ட்டிலும் பல கடிகாரங்கள் ஓடும்தான், ஆனால் விளிம்பில் நின்று ஓடும். கொஞ்சம் எண்ணெய் காய்ந்தாலோ, தொடுதகட்டில் உப்புப் படிந்தாலோ விநாடி முள் இருந்த இடத்திலேயே துடிக்க ஆரம்பிக்கும். 300 ரூபாய் செல்லை 15 ரூபாய் வேலைக்கு வைப்பது வேறு.

விநாடி முள் ஒன்பதுக்குப் பக்கத்தில் துடித்துக்கொண்டு நின்றால் செல் வலுவிழந்துவிட்டது என்று அறியலாம். அந்த இடத்தில்தான் முள்ளை மேலே தூக்க வேண்டியிருக்கிறது. புதுச் செல் போட்ட பிறகும் அங்கேயே துடித்தால் குற்றம் செல்லில் இல்லை, தகட்டில் பாருங்கள்.

ரிமோட்

ரிமோட் செல்லைத் தின்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். பொத்தானை அழுத்தும் அந்த ஒரு நொடியின் பகுதியில் மட்டும் அகச்சிவப்பு விளக்கு மினுக்குகிறது. ஒரு நாளைக்கு இருநூறு முறை அழுத்தினாலும் வருடச் செலவு நூறு மில்லி ஆம்பியர் மணியை ஒட்டித்தான் வரும். கணக்குப்படி எந்தச் செல்லும் பல வருடம் ஓட வேண்டும். நடைமுறையில் வயதாகியும் ஒழுகியும்தான் போகிறது.

அதனால் ரிமோட்டில் கவனிக்க வேண்டியது பலம் அல்ல, தேதி. நல்ல கார்பன் செல்லைப் போட்டு, அதன் மேல் பேனாவால் மாதத்தையும் வருடத்தையும் எழுதிவிடுங்கள். கடிகாரத்தை மாற்றும் நாளில் இதையும் மாற்றுங்கள். ஆல்கலைன் போட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடிக்கொண்டே இருப்பதால் நாம் மறந்துபோவோம், நாலாம் வருடம் மூடியைத் திறந்தால் வெள்ளைப் பொடி நிற்கும். குரலால் இயக்கும் புதுவகை ரிமோட்டுகள் மட்டும் விதிவிலக்கு. அவை கூடுதலாக இழுப்பவை, அவற்றுக்கு ஆல்கலைன்தான் ஏற்றது.

ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் செல்லை மாற்றுவதற்கு முன் கைப்பேசிக் கேமராவை, முடிந்தால் முன்பக்கக் கேமராவை, அதன் மூக்குக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த விளக்கு பெரும்பாலான கேமராக்களில் வெளிர் ஊதாவாகத் தெரியும். பளிச்சென்று தெரிந்தால் ரிமோட்டும் செல்லும் சரி, டிவிப் பக்கம் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் செல். தெரியவே இல்லை என்றால் முதலில் செல்லை எடுத்து அந்த இடத்திலேயே இரண்டு முறை சுழற்றிப் பாருங்கள். தகட்டின் மேல் படிந்த படலம் உரசிப் போய் ரிமோட் உயிர்பெறுவது இங்கே அடிக்கடி நடக்கிறது.

டார்ச்: ஒரு வீட்டுக் கணக்கு

தவறான செல் வாங்கினால் உண்மையில் பணம் போகிற இடம் இதுதான். பாம்பனில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பென்சில் கட்டை போடும் எல்.இ.டி. டார்ச் ஒன்று. கரைக்குப் போக, கொல்லைப்புறம் போக என்று இரவுக்கு இருபது நிமிடம் எரிகிறது. டார்ச் 300 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. இருபது நிமிடத்துக்கு 100 மில்லி ஆம்பியர் மணி. கணக்குப் போட வசதியாக இருக்கிறது.

கார்பன் செல் இந்த வேகத்தில் இழுத்தால் 300, 400க்கு மேல் உருப்படியாகக் கொடுக்காது. மூன்று நான்கு இரவுக்குப் பிறகு மங்கல். ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் தெளியும், மறுபடி பத்து நிமிடத்தில் சோரும். ஜோடி நான்கு இரவு என்று வைத்தால் வருடத்துக்குத் தொண்ணூறு ஜோடிக்கு மேல், செல் 15 ரூபாய் என்றால் 2,700 ரூபாயைத் தாண்டுகிறது. உண்மையில் யாரும் இவ்வளவு வாங்குவதில்லை, மங்கல் வெளிச்சத்திலேயே மாதத்தை ஓட்டிவிடுகிறார்கள். முள்ளும் சிப்பியும் கிடக்கும் கரையில் அது நல்ல சிக்கனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆல்கலைன் இதே வேலையில் 1600 வரை கொடுக்கும். பதினாறு இரவு. வருடத்துக்கு இருபத்து மூன்று ஜோடி, செல் 40 ரூபாய் என்றால் 1,840 ரூபாய். ரீசார்ஜ் செல் 1900 கொடுக்கும். பத்தொன்பது இரவுக்கு ஒருமுறை சார்ஜ். இரண்டு செல் 600, ஒரு நல்ல சார்ஜர் 900 என்று எடுத்துக்கொண்டால் முதல் வருடமே 1,500 ரூபாயோடு நின்றுவிடுகிறது. இரண்டாம் வருடத்திலிருந்து மின்கட்டணம் மட்டும், அதுவும் சில்லறை. விலைகள் கடைக்குக் கடை மாறும். ஆனால் டார்ச் தினமும் எரிகிற வீட்டில் இந்த வரிசை மாறாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். ஒரு செல், இரண்டு செல் டார்ச்சுகளில் வோல்ட்டை உயர்த்தும் சிறு சுற்று உள்ளே இருக்கும். ஆகவே ரீசார்ஜ் செல்லின் 1.2 வோல்ட் அதற்குப் பொருட்டல்ல. அந்தச் சுற்று வேலை செய்யும் விதமே செல் இறங்க இறங்கக் கூடுதலாக இழுப்பதுதான். கார்பன் செல் அதில் இன்னும் வேகமாகச் சரிவதற்கு அதுவே காரணம். மூன்று செல் போடும் மலிவு டார்ச்சுகளில் பலவற்றில் அந்தச் சுற்று இருக்காது. 4.5 வோல்ட்டுக்குச் செய்த இடத்தில் ரீசார்ஜ் செல் மூன்றும் சேர்ந்து 3.6தான் கொடுக்கும், வெளிச்சம் கொஞ்சம் குறையும். அப்படிப்பட்ட டார்ச்சுக்கு ஆல்கலைன் பொருத்தம்.

மீன்பிடி வல்லத்தில் கொண்டுபோகும் கைக்கருவி ஜிபிஎஸ்களில் பலவும் இதே இரண்டு பென்சில் கட்டையில் ஓடுபவைதான். ரீசார்ஜ் செல் போட்டால், அமைப்புகளுக்குள் போய் செல் வகையை மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் செல் பாதி இருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகக் காட்டும்.

புயலுக்கு எடுத்து வைப்பது

தினசரி டார்ச்சுக்கு ரீசார்ஜ் என்று சொன்னேன். புயலுக்கு அது மட்டும் போதாது. சார்ஜருக்கு மின்சாரம் வேண்டும். 2018 நவம்பரில் வந்த கஜா புயலில் நம் வடக்கே டெல்டா மாவட்டங்களில் எத்தனையோ ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2020 டிசம்பரில் புரெவி வலுவிழந்து நம் கரைக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்றது. அந்த மாதிரி வாரத்தில் தீர்ந்த ரீசார்ஜ் செல் கையில் இருப்பதும் இல்லாததும் ஒன்று.

ஆகவே அக்டோபர் பிறப்பதற்குள் பிரிக்காத ஆல்கலைன் அட்டை ஒன்று, நான்கு செல் உள்ளது, வாங்கி வையுங்கள். பிரிக்காமல் வைத்தால் ஆண்டுக்கணக்கில் வலு குறையாமல் இருப்பது அதன் தனிச்சிறப்பு. உறையில் உள்ள தேதியைப் பார்த்து, கடைசித் தேதிக்கு நான்கைந்து வருடம் இருப்பதாக எடுங்கள். கடை வாசலில் வெயில் பட மாட்டித் தொங்கும் அட்டையை வாங்க வேண்டாம், வெயில் செல்லின் ஆயுளைத் தின்னும். வீட்டிலும் ஓட்டுக்கூரைக்கு அடியில் உள்ள பரணைவிடத் தரையை ஒட்டிய அலமாரி நல்லது. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வெளியே எடுத்ததும் இந்தக் காற்றின் ஈரம் செல் மேல் வியர்த்துப் படியும்.

அந்த அட்டையை டார்ச்சுக்குள் போட்டு வைக்கக் கூடாது, டார்ச்சோடு சேர்த்து ஒரு மூடி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகில் கிடக்கும் டார்ச்சுக்கும் இதே விதிதான்: கரை ஏறும்போது செல்லைக் கழற்றிவிடுங்கள். அலுமினியக் குழல் டார்ச்சில் ஆல்கலைன் ஒழுகினால் காரம் அலுமினியத்தையும் அரித்து, செல் வீங்கி உள்ளேயே இறுகிக்கொள்ளும். பிறகு அதை வெளியே தட்டி எடுக்க முடியாது.

சார்ஜரும் ரீசார்ஜ் செல்லும்

ரீசார்ஜ் செல்லில் இரண்டு வகை உண்டு. பழைய வகை சும்மா வைத்திருந்தாலே முதல் மாதத்திலேயே நான்கில் ஒரு பங்குவரை இழந்துவிடும், வெயில் காலத்தில் இன்னும் அதிகம். 2005க்குப் பிறகு வந்த வகை ஒரு வருடம் வைத்தாலும் பெரும்பகுதியைத் தக்கவைத்துக்கொள்ளும். உறையில் 'முன்னமே சார்ஜ் செய்யப்பட்டது' என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். 2600 என்று போட்ட பழைய வகையைவிட 2000 என்று போட்ட இந்த வகை டார்ச்சுக்கு நல்லது.

சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து நிறுத்துவதாக இருக்க வேண்டும். ஒரு செல்லுக்கு ஒரு விளக்கு இருந்தால் பெரும்பாலும் அந்த வகைதான். விளக்கு ஒன்றே ஒன்று, தானாக நிற்காது என்கிற மலிவுச் சார்ஜரானால் நேரத்தைப் பாருங்கள். 2000 கொள்ளளவு செல்லுக்கு 200 மில்லி ஆம்பியர் கொடுக்கும் சார்ஜர் பத்து மணி நேரத்தில் நிரப்பாது, ஒரு பகுதி விரயமாகப் போவதால் 14 முதல் 16 மணி நேரம் ஆகும். முடியும் தறுவாயில் செல் வெதுவெதுப்பாவது இயல்பு. கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் எடுத்துவிடுங்கள். கார்பனையோ ஆல்கலைனையோ இந்தச் சார்ஜரில் ஒருநாளும் போடக் கூடாது, ஒழுகும், வெடிக்கவும் கூடும்.

டார்ச் சட்டென மங்கியதும் அணைத்துவிட்டுச் செல்லைச் சார்ஜ் போடுங்கள். கடைசிச் சொட்டுவரை பிழிந்தால் இரண்டு செல்லில் பலவீனமானது முதலில் தீர்ந்து, மற்றது அதன் வழியாக மின்சாரத்தைத் தொடர்ந்து தள்ளி அதன் முனைகளைத் தலைகீழாக்கும். ரீசார்ஜ் செல் அதில் நிரந்தரமாகக் கெடும். பழையதும் புதியதும், கார்பனும் ஆல்கலைனும் கலந்து போடக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. அங்கே பலவீனமான செல் ஒழுகும்.

செல் தீர்ந்ததா என்று பார்ப்பது

மல்டிமீட்டர் இருந்தால் ஆல்கலைனில் 1.5க்கு மேல் புதியது, 1.3 பாதிக்கும் கீழ், 1.1 குப்பை என்று ஏறக்குறையச் சொல்லலாம். கார்பனில் மீட்டர் பொய் சொல்லும். சும்மா இருக்கும்போது 1.4 காட்டிவிட்டு, டார்ச்சில் போட்டதும் 1 வோல்ட்டுக்குக் கீழே விழும். அதனால் கார்பனை டார்ச் எரியும்போதே அளக்க வேண்டும்.

மேசை மேல் நட்டுக்குத்தலாக இரண்டு அங்குல உயரத்திலிருந்து விட்டுப் பார்க்கும் சோதனை ஆல்கலைனுக்கு மட்டும்தான். புதியது தொப்பென்று நிற்கும், பயன்படுத்தியது துள்ளும். ஆனால் துள்ளினால் தீர்ந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். 2015இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, பாதி செலவாகும்போதே துள்ளல் உச்சத்தை எட்டிவிடுகிறது என்று தெரிந்தது. துள்ளுகிற செல் புதியது அல்ல, அவ்வளவே.

அப்படி டார்ச்சில் சோர்ந்து, ஓய்வில் 1.3 காட்டும் ஆல்கலைனைக் கடிகாரத்தில் போட்டால் இன்னும் சில மாதம் ஓடும். டார்ச்சுக்கு உதவாதது கடிகாரத்துக்குப் போதும். கார்பனை இப்படிக் கைமாற்ற வேண்டாம். அதன் கூடு ஏற்கெனவே மெலிந்திருக்கும்.

புதுச் செல் போட்டும் மங்கல் என்றால்

கடலோரத்தில் பாதிக்குப் பாதி இதுதான். அலுமினிய டார்ச்சில் மின்சாரம் குழல் வழியாகவும் வால்மூடியின் மரை வழியாகவும்தான் ஓடுகிறது. மரையில் வெள்ளையாகப் பொடி படிந்தால் வழி அடைபடும். கண்டுபிடிக்க எளிய வழி: வால்மூடியைக் கழற்றிவிட்டு, சுத்தமான கம்பித் துண்டு ஒன்றால் செல்லின் அடியையும் குழலின் வெறும் உலோக விளிம்பையும் தொடுங்கள். வெளிச்சம் பளிச்சென்று வந்தால் செல் நல்லது, குற்றம் மூடியில்.

பழைய பல்துலக்கியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு மரையையும் ஸ்பிரிங்கையும் தேயுங்கள். காய்ந்த பிறகு மரையில் பெட்ரோலியம் ஜெல்லியை நகத்தளவு மெல்லியதாகத் தடவினால் உப்பு அண்டாது. தகட்டில் தடிமனாகப் பூச வேண்டாம், அதுவே தடையாகிவிடும். மாதம் ஒருமுறை போதும். டார்ச் கடல்நீரில் விழுந்தால் உடனே செல்லை எடுத்து, டார்ச்சை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். நனைந்த செல்லைத் திரும்பப் போடாதீர்கள்.

ஒழுகியிருந்தால் எது ஒழுகியது என்று பார்த்து மருந்து மாறும். ஆல்கலைன் விட்ட வெள்ளைப் படிவு காரம். ஒரு துளி எலுமிச்சைச் சாறோ வினிகரோ பஞ்சில் தொட்டுத் துடைத்தால் சற்று நுரைத்து விடும். கார்பன் விட்ட பிசுபிசுப்பு அமிலத்தன்மை உள்ளது. அதற்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவித் துடைக்க வேண்டும். இரண்டுக்கும் பிறகு ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் கை வைக்காதீர்கள். ஸ்பிரிங்கின் பூச்சு போய் இரும்பு தெரிந்தால் அந்த ஸ்பிரிங் இங்கே அதிக நாள் தாங்காது. ரேடியோ பழுதுபார்ப்பவரிடம் பழைய ரிமோட்டிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் கிடைக்கும்.

தீர்ந்த செல்களை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வையுங்கள். கடலிலோ கிணற்றடியிலோ வீசுவதும், குப்பையோடு கொளுத்துவதும் கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி இந்தச் சிறு செல்களையும் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. இராமநாதபுரமோ மதுரையோ போகும்போது மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் டப்பாவோடு கொடுத்துவிடலாம்.